பள்ளிக்காக எழுதிய நோட்ஸ் யாருக்குச் சொந்தம்? ஆசிரியர்களுக்கான பதிப்புரிமை வழிகாட்டி

சத்துவாச்சாரியில் வக்கீல் தொழில் செய்கிறேன். வருடா வருடம் மே, ஜூன் மாதங்களில் ஆசிரியர்கள் துணிப்பையோடு வருவார்கள். பை நிறைய நோட்ஸ் இருக்கும். கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பள்ளியை விட்டு வந்துட்டேன் சார், நான் எழுதினதை நானே புத்தகமா போடக் கூடாதா?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பையில் இருக்கும் தாள்கள் எல்லாம் ஒரே வகையாக இருக்காது. அவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை ஒரு ஆசிரியையின் கதையை வைத்துச் சொல்கிறேன். இவர் ஒரே ஆள் இல்லை. பலரிடம் கேட்டதைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி அமைத்துக்கொண்ட கதை.

ஊர் குடியாத்தம். காட்பாடி பக்கம் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் 2014 ஜூன் முதல் 2023 மே வரை ப்ளஸ் டூ இயற்பியல் எடுத்தார். அதற்கு முன் நான்கு வருடம் வீட்டிலேயே ட்யூஷன். பள்ளியை விட்டு வந்ததும் 180 பக்கத்தில் ஒரு இயற்பியல் வழிகாட்டி அச்சிடத் தயாரானார். பள்ளி கரஸ்பாண்டென்டிடமிருந்து கடிதம் வந்தது: நோட்ஸ் எல்லாம் பள்ளியின் சொத்து, அச்சிட்டால் போலீஸில் புகார் கொடுப்போம். அதே சமயம் அவர் எழுதிய நோட்ஸை வேறொரு ஆசிரியரின் பெயர் போட்டு, பள்ளி மாணவர்களிடம் 250 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது.

முதல் வேலை: தாள்களைப் பிரித்து வையுங்கள்

சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் மேசையைக் காலி செய்யச் சொல்வேன். ஒவ்வொரு கட்டுக்கும் மூன்று கேள்விகள். எப்போது எழுதினீர்கள்? யார் கேட்டு எழுதினீர்கள்? எந்த நேரத்தில், யாருடைய கணினியில், யாருடைய தாளில் எழுதினீர்கள்?

அந்த ஆசிரியையின் பையிலிருந்து நான்கு கட்டுகள் வந்தன. ஒன்று, 2010 முதல் 2014 வரை வீட்டு ட்யூஷனுக்காகக் கையால் எழுதிய நோட்டுகள். இரண்டு, 2016-க்குப் பிறகு பள்ளி கேட்டு எழுதிய பாட நோட்ஸ். நீல அட்டை போட்டு, பள்ளி ஜெராக்ஸ் மெஷினில் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. மூன்று, சனி ஞாயிறு ட்யூஷனுக்காகச் சொந்த லேப்டாப்பில் தயாரித்த 400 கணக்குகள் கொண்ட வினா வங்கி. நான்கு, குடியாத்தத்தில் ஒரு டிடிபி கடையில் காசு கொடுத்து வரைந்து வாங்கிய மின்சுற்றுப் படங்கள்.

இதோடு பள்ளி ஆண்டு மலரில் வந்த ஒரு கட்டுரையும் இருந்தது. ஆண்டு மலருக்கு எழுதுவது அவர் வேலையில் சேரவில்லை. யாரும் உத்தரவிட்டு எழுதவும் இல்லை. அதனால் அதை அவருடையது என்று ஓரமாக வைத்துவிட்டோம்.

பதிப்புரிமை எதற்கு உண்டு, எதற்கு இல்லை

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை, சொன்ன விதத்தைக் காக்கிறது. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓம் விதி யாருக்கும் சொந்தமில்லை. பாடத்திட்டத்தின் வரிசையையும் ஒருவர் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. கிர்க்காஃபின் மின்னோட்ட விதியைச் சொல்லிக் கொடுக்க, அந்த ஆசிரியை நீல நோட்ஸில் காட்பாடி சந்திப்பை எடுத்துக்கொண்டிருந்தார். சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என்று நான்கு பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. உள்ளே வந்த ரயில் எல்லாம் வெளியே போயாக வேண்டும், சந்திப்பிலேயே தங்கிவிடாது. அதுபோல ஒரு சந்திக்குள் 3 ஆம்பியரும் 2 ஆம்பியரும் வந்தால், வெளியே போவதும் கூட்டிப் பார்த்தால் 5 ஆம்பியர்தான். மின்சந்தியை ரயில் சந்திப்போடு ஒப்பிடும் யோசனை யாருக்கும் சொந்தமில்லை. யாரும் எடுத்துச் சொல்லலாம். ஆனால் அதை அவர் விரித்து எழுதிய பத்தி, போட்ட படம், அந்தப் படத்தில் எண்களை அமைத்த விதம், இவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீல நோட்ஸை என்ன செய்வது என்பதற்கு இதுதான் வழி காட்டப் போகிறது.

சம்பளக்காரரா, வேலை முடித்துக் கொடுப்பவரா?

எழுதியவர்தான் முதல் உரிமையாளர் என்பது 17-ஆம் பிரிவின் பொது விதி. அதற்கு விலக்காக 17(சி) வருகிறது: ஒருவர் வேலையில் இருக்கும்போது, அந்த வேலையின் பகுதியாக ஒன்றைப் படைத்தால், மாறாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். இதில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. மூன்றையும் தாண்டினால்தான் உரிமை பள்ளிக்குப் போகும்.

முதல் வாசல், அவர் உண்மையிலேயே வேலைக்காரரா என்பது. ஆளை வேலையில் அமர்த்தும் ஒப்பந்தம் வேறு, ஒரு வேலையை முடித்துத் தரச் சொல்லும் ஒப்பந்தம் வேறு. மாதச் சம்பளம், பி.எஃப்., வருகைப் பதிவேடு, விடுப்புக் கடிதம், எந்த வகுப்புக்கு எப்போது போக வேண்டும் என்று பள்ளியே தீர்மானிப்பது, இவை எல்லாம் இருந்தால் வேலைக்காரர். மணிக்கு இவ்வளவு என்று வவுச்சரில் கையெழுத்துப் போட்டு மதிப்பூதியம் வாங்கும் விருந்தினர் ஆசிரியராக இருந்தால் பெரும்பாலும் வேலைக்காரர் ஆகமாட்டார். அப்போது எழுதியது அவருக்கே சொந்தம். நியமன உத்தரவில் போட்டிருக்கும் தலைப்பை வைத்து நீதிமன்றம் முடிவு செய்யாது. நடைமுறையில் என்ன நடந்தது என்றுதான் பார்க்கும்.

தேர்வுத்தாள் தயாரிப்பவர்களின் நிலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1916-இல் லண்டன் பல்கலைக்கழக அச்சகம் தொடர்ந்த வழக்கில், வினாத்தாள் எழுதிக் கொடுத்த தேர்வாளர்கள் பல்கலைக்கழகத்தின் வேலைக்காரர்கள் இல்லை, வினாத்தாளின் பதிப்புரிமை முதலில் அவர்களிடமே பிறந்தது என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது. நம் சட்டம் அந்த நாட்டுச் சட்டத்திலிருந்து வந்ததால் இங்கேயும் அதை எடுத்துக் காட்டுகிறோம். வெளியிலிருந்து வினாத்தாள் எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஆசிரியைக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் எல்லாம் இருந்தன. முதல் வாசலில் அவர் பள்ளியின் வேலைக்காரர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேலையில் இருந்தபோது எழுதியது எல்லாமே வேலைக்காக எழுதியதா?

அதிகம் பேர் தடுமாறுவது இரண்டாவது வாசலில்தான். வேலையில் இருந்த ஒன்பது வருடத்தில் எழுதியது எல்லாம் பள்ளிக்கு என்று கரஸ்பாண்டென்டும் நினைக்கிறார், பல ஆசிரியர்களும் பயந்து நம்பிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேலையின் போக்கில் எழுதியதா என்றுதான் கேட்கிறது.

இங்கிலாந்தில் 1952-இல் முடிந்த ஸ்டீவன்சன் ஜோர்டன் வழக்கு இதற்குத் துணை வரும். ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த கணக்காளர் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு பகுதி, நிறுவனம் அனுப்பி வாடிக்கையாளரிடம் வேலை செய்தபோது தயாரித்த அறிக்கை. அது நிறுவனத்துக்கு என்று தீர்ப்பானது. இன்னொரு பகுதி அவர் பொதுவில் ஆற்றிய சொற்பொழிவுகள். தட்டச்சு உதவி, செலவு எல்லாம் நிறுவனம் கொடுத்ததுதான். ஆனாலும் சொற்பொழிவு ஆற்றும்படி அவருக்கு உத்தரவிடும் அதிகாரம் வேலை ஒப்பந்தத்தில் இல்லை. அதனால் அந்தப் பகுதி அவருக்கே என்றார்கள். ஒரே புத்தகம், இரண்டு சொந்தக்காரர்கள். நிறுவனத்தின் வசதியைப் பயன்படுத்தியது மட்டுமே உரிமையை மாற்றிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த அளவுகோலைக் கட்டுகளின் மேல் வைத்துப் பார்ப்போம்.

நீல அட்டை நோட்ஸ்: பள்ளி கேட்டது, பள்ளி நேரத்தில் எழுதியது, பள்ளி மாணவர்களுக்கு. தலைமையாசிரியரின் சுற்றறிக்கையே இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாததால் இது பள்ளிக்குத்தான். நான் இதை அவரிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது. ஆனால் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது.

வினா வங்கி: வேலையில் இருந்த காலத்தில் எழுதியதுதான். ஆனால் பள்ளி கேட்கவில்லை, விடுமுறை நாளில், சொந்த லேப்டாப்பில், சொந்த ட்யூஷனுக்காக. வெளியே ட்யூஷன் எடுக்கக் கூடாது என்று பணி விதி இருந்திருந்தால் அதை மீறியதற்கு ஒழுங்கு நடவடிக்கை வரலாம். அது வேறு பிரச்சினை. விதியை மீறியதால் பதிப்புரிமை தானாகப் பள்ளிக்குப் போய்விடாது. ஒரே சிக்கல், அதிலிருந்து சில கணக்குகளைப் பள்ளித் தேர்விலும் அவர் பயன்படுத்தியிருந்தார். அதை வைத்து, எல்லாமே பள்ளிக்காக எழுதியது என்று பள்ளி வாதாடும். அதனால் எது முதலில் வந்தது என்று காட்ட வேண்டும். லேப்டாப்பில் கோப்பு உருவான தேதி, தனக்குத்தானே அனுப்பிய மின்னஞ்சல், அந்த வருடம் ட்யூஷன் படித்த பிள்ளையின் நோட்டு, இவை போதும்.

2014-க்கு முந்தைய நோட்டுகள்: பள்ளியில் சேரும் முன்பே எழுதியவை, சந்தேகமே இல்லாமல் அவருடையவை. நீல நோட்ஸில் பாதி இந்தப் பழைய நோட்டிலிருந்து வந்ததுதான் என்பதால் இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 1988-இல் தீர்த்த டோம்ஸ் வழக்கை இங்கே நினைவுபடுத்துவேன். டோம்ஸ் என்ற பெயரில் வரைந்த கார்ட்டூனிஸ்ட் வி.டி. தாமஸ், 'போபனும் மோளியும்' என்ற கதாபாத்திரங்களை மலையாள மனோரமாவில் சேரும் முன்பே உருவாக்கியிருந்தார். வேலையை விட்ட பிறகு அவர் வேறு இடத்தில் அவர்களை வரையக் கூடாது என்று பத்திரிகை தடை கேட்டது. வேலையில் இருந்தபோது வரைந்து கொடுத்த படங்கள் வேறு, முன்பே பிறந்த கதாபாத்திரங்களைத் தொடர்ந்து வரைவது வேறு என்று பிரித்து, அவர் புதிதாக வரைவதை நீதிமன்றம் தடுக்க மறுத்தது. அதுபோல, பழைய நோட்டில் இருந்ததை நீல நோட்ஸில் சேர்த்ததால் பழைய நோட்டின் உரிமை பள்ளிக்குப் போய்விடாது. நீல நோட்ஸில் புதிதாகச் சேர்ந்தது மட்டும் பள்ளிக்கு.

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

மூன்றாவது வாசல், "மாறாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்" என்ற சொற்கள். நியமன உத்தரவை நான்கு பக்கமும் படிக்க வேண்டும். "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே" என்று ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருக்கலாம். அப்படி இருந்தால் வினா வங்கியும் சிக்கலுக்குள் வரும். நம் ஆசிரியையின் உத்தரவில் சம்பளம், நோட்டீஸ் காலம் தவிர வேறு எதுவும் இல்லை.

உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பதற்கு 19-ஆம் பிரிவு கறாரான விதி வைத்திருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்று கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதற்கும் என்று கொள்ளப்படும். "வாய்ல சொன்னேன், போதாதா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, போதாது.

இங்கேதான் நான்காவது கட்டு, டிடிபி படங்கள், எல்லோரையும் ஏமாற்றும். காசு கொடுத்து வரைந்து வாங்கியதால் படம் நம்முடையது என்று நினைக்கிறோம். 17(பி) பிரிவில், ஒருவர் கேட்டுக் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம், எடுக்கச் சொன்ன திரைப்படம் போன்றவை காசு கொடுத்தவருக்குச் சொந்தம். ஆனால் மின்சுற்று வரைபடம் அந்தப் பட்டியலில் இல்லை. டிடிபி கடைக்காரர் உங்கள் வேலைக்காரரும் இல்லை. அதனால் அட்டைக்காக ஸ்டுடியோவில் எடுத்த உங்கள் புகைப்படம் உங்களுடையது, உள்ளே இருக்கும் 60 படங்களின் உரிமை மட்டும் கடைக்காரரிடமே நிற்கலாம். நீங்கள் வரைந்து கொடுத்ததை அப்படியே அவர் கணினியில் ஏற்றியிருந்தால் பிரச்சினை குறைவு. அவராக அமைத்து வரைந்திருந்தால், பில்லின் பின்பக்கமாவது 19-ஆம் பிரிவின்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆசிரியை மறுநாளே குடியாத்தம் கடையில் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிவிட்டார். கடைக்காரருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

பள்ளிக்குச் சொந்தமான பக்கங்களை என்ன செய்வது?

180 பக்கத்தில் நீல நோட்ஸிலிருந்து வந்தவை ஏறக்குறைய 60 பக்கம். இரண்டு வழி இருக்கிறது. பள்ளியிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது ஒன்று. உறவு கெட்டுப்போன நிலையில் அது நடக்காது. இன்னொன்று, அந்த 60 பக்கத்தைப் புதிதாக எழுதுவது. பாடம் அவர் தலையில் இருக்கிறது. ஒன்பது வருட அனுபவத்தையும் அறிவையும் யாரும் பிடுங்க முடியாது.

ஆனால் புதிதாக எழுதுவது என்றால் நீல நோட்ஸைப் பக்கத்தில் விரித்து வைத்து, வரிக்கு வரி சொல்லை மாற்றுவது இல்லை. அதை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு, பாடத்திட்டத்தையும் பழைய நோட்டையும் மட்டும் வைத்து எழுதச் சொன்னேன். காட்பாடி சந்திப்பு உதாரணம் பழைய நோட்டில் இல்லை, அது 2017-இல் வகுப்பில் தோன்றியது. ஒப்பீட்டை வைத்துக்கொள்ளலாம், பத்தியையும் படத்தையும் எண்களையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை. இரண்டையும் பக்கத்தில் வைத்து மூன்றாம் ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். உதாரணங்கள் அதே வரிசையில் வருகிறதா? ஒரே கணக்கில் ஒரே எண்கள் வருகிறதா? எல்லாவற்றுக்கும் மேல், பழைய பிழைகள் அப்படியே வந்திருக்கிறதா? நகல் எடுத்ததை நிரூபிக்கப் பிழையைப் போலச் சாட்சி வேறில்லை. நீல நோட்ஸில் ஒரு கணக்கின் விடையில் தசமப் புள்ளி தவறி இருந்தது. முதல் வரைவிலும் அதே தவறு இருந்தது. அதைப் பார்த்ததும் அந்த அத்தியாயத்தை முழுவதும் மறுபடி எழுதச் சொல்லிவிட்டேன்.

நியாயமான கையாளுதல்: எது அடங்கும், எது அடங்காது

இப்போது புத்தகத்தில் பிறருடையது என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வகை இருந்தது: அரசுப் பாடநூலின் பயிற்சிக் கணக்குகள், பழைய பொதுத்தேர்வு வினாக்கள், ஒரு வெளிநாட்டு இயற்பியல் பாடநூலிலிருந்து எடுத்த மூன்று பக்க விளக்கம்.

"கொஞ்சமாத்தானே எடுத்திருக்கேன், பேரும் போட்டிருக்கேன்" என்றார். இந்த இரண்டு நம்பிக்கையும் பரவலானவை, இரண்டும் தவறு. பத்து சதவீதம் வரை எடுக்கலாம், இத்தனை வரி வரை எடுக்கலாம் என்று நம் சட்டத்தில் பொதுவான அளவு எதுவும் கிடையாது. பெயர் போடுவது மரியாதை, போடத்தான் வேண்டும். ஆனால் பெயர் போட்டதால் மட்டும் எடுத்தது நியாயமாகிவிடாது.

52(1)(அ) பிரிவு மூன்று நோக்கங்களுக்காக நியாயமாகக் கையாள்வதை அனுமதிக்கிறது: ஆராய்ச்சி உட்பட சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்திகளைத் தெரிவித்தல். நோக்கம் இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த கேள்விக்கே போகலாம். அப்புறம், 1996-இல் சிவிக் சந்திரன் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். நம் கருத்தோடு ஒப்பிட்டால் எடுத்தது எவ்வளவு, எவ்வளவு முக்கியமானது. எதற்காக எடுத்தோம். நாம் செய்தது மூலப் படைப்புக்குச் சந்தையில் போட்டியாக நிற்குமா.

வெளிநாட்டுப் பாடநூலின் மூன்று பக்கத்துக்கு இது பொருந்தாது. அதை விமர்சிக்கவில்லை, செய்தியாகச் சொல்லவில்லை, விற்கிற புத்தகத்தில் சேர்த்திருக்கிறார். "பிள்ளைங்க சொந்தமா படிக்கத்தானே சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 1916 வழக்கிலேயே இதே வாதம் வந்தது. மாணவர் தன் படிப்புக்காக எடுத்துக்கொள்வது ஒன்று, மாணவர் படிப்பார்கள் என்று சொல்லி ஒரு பதிப்பாளர் அச்சிட்டு விற்பது வேறு என்று நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

பாடநூல் தொகுப்புக்காகவே 52(1)(எச்) பிரிவு இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் உரிமை இல்லாத விஷயங்களைக் கொண்ட கல்வித் தொகுப்பில், சிறு பகுதிகளைச் சேர்க்கலாம், ஒரே ஆசிரியருடையது என்றால் ஒரு பதிப்பாளர் 5 வருடத்தில் இரண்டு பகுதிக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: எடுக்கப்படும் மூலம், கல்விப் பயன்பாட்டுக்காக வெளியிடப்பட்டதாக இருக்கக் கூடாது. ஒரு கவிதையிலிருந்து எடுத்தால் இந்தப் பிரிவு கைகொடுக்கும், பாடநூலிலிருந்து எடுத்தால் கொடுக்காது. அந்த மூன்று பக்கம் புத்தகத்திலிருந்து போய்விட்டது. கருத்தை அவர் தன் மொழியில் ஒன்றரைப் பக்கத்தில் எழுதினார். எனக்குப் படிக்க மூலத்தைவிட அதுவே எளிதாக இருந்தது.

ஆனால் அதே மூன்று பக்கத்தை அவர் பள்ளியில் இருந்தபோது ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் கொடுத்திருந்தார். அது தவறா? இல்லை. 52(1)(ஐ) பிரிவு, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் மறுபதிப்புச் செய்வதையும், தேர்வு வினாவிலும் விடையிலும் பயன்படுத்துவதையும் அனுமதிக்கிறது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலின் போக்கு என்பது வகுப்பறை நாற்பது நிமிடம் மட்டும் இல்லை, பாடத்திட்டத்துக்காகத் தொகுத்துக் கொடுக்கும் பக்கங்களையும் சேர்த்துத்தான் என்றது. அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவா என்று பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. முழுப் புத்தகத்தையும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு இந்தத் தீர்ப்பைக் காட்ட நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காசு வாங்கும் தனியார் ட்யூஷன் சென்டருக்கு இந்த விலக்கு எவ்வளவு தூரம் வரும் என்பதில் நான் துணிந்து நிற்க மாட்டேன். வகுப்பில் படித்துக் காட்டுவதோடும் சில பக்கங்களோடும் நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

பாடநூல் கணக்குகளுக்கு வருவோம். 2008-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கும் நரேந்திரா பதிப்பகத்துக்கும் இடையிலான வழக்கு இதற்கு மிகவும் நெருக்கமானது. பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் கணக்குகளை எடுத்துப் படிப்படியான தீர்வோடு கைடு போட்டதற்குத் தடை கேட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. மூலப் புத்தகத்தில் இல்லாத தீர்வு முறையைக் கைடு தருகிறது, அதன் நோக்கமே வேறு என்பது முக்கியமான காரணம். இது இடைக்கால உத்தரவு, வேறு மாநில நீதிமன்றத்தின் உத்தரவு. நம் நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது, ஆனால் மதித்துப் பார்ப்பார்கள். அதனால் என் அறிவுரை: கணக்கைச் சொல்லி, தீர்வை முழுவதும் உங்கள் வழியில் எழுதுங்கள். பாடநூல் பக்கத்தைப் படம் பிடித்து ஒட்டாதீர்கள், அதன் விளக்கப் பத்திகளையும் படங்களையும் தொடாதீர்கள். பொதுத்தேர்வு வினாக்களுக்கும் இதேதான். வினாத்தாளுக்கும் பதிப்புரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். பாடநூலின் உள் பக்கத்தில் உரிமை யாருடையது என்று அச்சிட்டிருக்கும். அங்கே ஒரு அனுமதிக் கடிதம் எழுதிவிட்டால் நிம்மதி.

கடிதத்துக்குப் பதில், பிறகு நடந்தது

பள்ளிக்கு எழுதிய பதிலில் நீல நோட்ஸ் பள்ளியுடையது என்று நேராக ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதில் உறுதியாக நிற்க முடியும். பழைய நோட்டுகளும் வினா வங்கியும் ஆசிரியையுடையவை என்று தேதிகளோடு சொன்னோம். அப்புறம் 57-ஆம் பிரிவைக் காட்டினோம். பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், எழுதியவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரை விட்டுப் போகாது. அவர் எழுதிய நோட்ஸுக்கு வேறொருவர் பெயர் போட்டதைப் பள்ளி திருத்தியாக வேண்டும். தனக்கு எதுவுமே மிச்சமில்லை என்று நினைத்திருந்தவருக்கு இந்த ஒரு பிரிவு பெரிய ஆறுதல்.

போலீஸ் மிரட்டலைப் பற்றி: தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருக்கிறது, அதனால் அலட்சியம் வேண்டாம். அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு, அடிப்படையில்லாமல் மிரட்டப்பட்டவர் நீதிமன்றம் போய், நான் மீறவில்லை என்று அறிவிப்புக் கேட்கவும் வழி வைத்திருக்கிறது.

வழக்கு என்று வந்தால் அது மாவட்ட நீதிமன்றத்தில்தான். உரிமையாளர் தான் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் போடலாம் என்று 62-ஆம் பிரிவு வசதி செய்திருக்கிறது. மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அவசரத் தடை எதுவும் கேட்காவிட்டால், முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அது நடக்கும். மீறல் நடந்ததிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

இந்த விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டார்கள்: நீல நோட்ஸைப் பள்ளி தன் மாணவர்களுக்கு அச்சிடும், ஆசிரியையின் பெயரோடு. ஆசிரியை தன் புத்தகத்தை வெளியிடுவார், நீல நோட்ஸின் பத்திகள் இல்லாமல்.

வினா வங்கியை மட்டும் பதிவு செய்யச் சொன்னேன். பதிவு இல்லாமலே பதிப்புரிமை உண்டு. ஆனால் தேதியில் தகராறு வரக்கூடிய படைப்புக்குப் பதிவேடு முதல்நிலைச் சான்றாக நிற்கும். டெல்லியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனில் படிவம் 14, எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் படைப்பின் மேல் உரிமை கொண்டாடக் கூடியவர்களுக்கு விண்ணப்பத்தின் நகலை அனுப்ப வேண்டும் என்பதால், பள்ளிக்கும் ஒன்று அனுப்பினோம். ஆட்சேபம் வரவில்லை.

இப்போது வேறு பள்ளியில் சேரப் போகும் ஆசிரியர்கள் கேட்டால், நியமன உத்தரவில் சேர்க்கச் சொல்லி இந்த நான்கு வரியைக் கொடுக்கிறேன்:

"பணியில் சேரும் முன் ஆசிரியர் எழுதியவை ஆசிரியருக்கே சொந்தம். பணி நேரத்துக்கு வெளியே, பள்ளி கேட்காமல், சொந்தக் கருவியில் எழுதியவையும் ஆசிரியருக்கே சொந்தம். பள்ளி கேட்டு எழுதியவற்றைப் பள்ளி தன் மாணவர்களுக்காக ஆசிரியரின் பெயரோடு அச்சிடலாம். வெளியாருக்கு விற்பதற்கும், ஆசிரியர் தன் நூலில் பயன்படுத்துவதற்கும் ஒருவர் மற்றவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும்."